தமுக்கடித்துக் கொடுத்த நிலம்

நான் கோர்ட்டு அமீனாவாக இருந்த காலத்தில், காட்டை, அதாவது விளைநிலத்தை, மிதித்துப் பார்க்காமல் வாங்கியவர்களைப் போல என்னைச் சிரிக்க வைத்தவர்கள் கிடையாது. ஜேடர்பாளையம் பக்கம் நிலம் வாங்கிய, போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளி அதில் முதல் ஆள். காரை விட்டு இறங்காமலே காட்டைப் பார்த்த மனுஷன், ‘சுவாதீனம் இன்றே ஒப்படைக்கப்பட்டது’ என்று பத்திரத்தில் எழுதியிருந்ததை வேதவாக்காக எடுத்து, நிலம் கைக்கு வந்துவிட்டதாகவே நம்பினார். அங்கே ஒருவர் வெகுகாலமாகக் குத்தகைக்கு உழுகிறார் என்பதை விசாரிக்கவில்லை. பத்திரம் பதிவானதும் விற்றவர் கையை விரித்தார். முதலாளி சுவாதீனம் கேட்டு அவர்மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார்.

ஆனால் குத்தகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது. அவரை வெளியேற்ற உத்தரவில்லை. பேருக்குச் சுவாதீனம் கொடுக்கத்தான் என்னை அனுப்பினார்கள். உத்தரவு நகலைத் தென்னையில் ஒட்டினேன். தமுக்கடித்து, நிலம் இனி இவருடையது, குத்தகைப் பணமும் இனி இவருக்கே என்று அறிவித்தோம். குத்தகைதாரர் மோட்டாரை நிறுத்திவிட்டு மரியாதையாகக் காதுகொடுத்துக் கேட்டார். முடிந்ததும் திரும்பப் போட்டார்.

முதலாளி, அப்போதுதான் முளைவிட்டிருந்த கரும்புக்குள் இறங்கி செல்ஃபி எடுத்துக்கொண்டு, என்னிடம் கை நீட்டினார்.

“மோட்டார் ரூம் சாவியக் குடுங்க.”

“அது அவருகிட்டத்தானுங்க இருக்குது. கோர்ட்டுல எனக்குக் குடுத்துவுட்டது தமுக்கு மட்டுந்தானுங்க.”

உடனே பத்திரத்தை எடுத்துக் குத்தகைதாரரிடம் காட்டினார். குத்தகைதாரர் பத்திரத்தைப் பார்க்கவில்லை, முதலாளியின் காலைப் பார்த்தார்.

“ஏனுங்க, வரப்பு மேல நில்லுங்க. பயிரு மிதிபடுதுங்க.”

நிலத்துச் சொந்தக்காரர் பத்திரத்தை மடித்துக்கொண்டு வரப்பில் ஏறி நின்றார்.