ஆடியில் தங்கம் ஏன் இறங்கியது

அக்காவுக்குப் பதினைந்து பவுன் போடுவதாக மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தோம். அப்பாவிடம் அதற்குச் சரியாகப் பணம் இருந்தது, மிச்சமில்லாமல். திருமணம் ஆவணிக் கடைசியில். ஆடி பிறந்ததும் தங்கம் மூன்று நாள் தொடர்ந்து இறங்கியது. அப்பா வாங்கவில்லை.

"நமக்கு ஏது பாப்பா ஆடி?" என்றார். நாங்கள் கத்தோலிக்கர்கள். "இந்துக்காரங்க இந்த மாசம் ஒரு குந்துமணி எடுக்க மாட்டாங்க. கடைக்காரன் ஈ ஓட்டுவான், வெல இன்னும் எறங்கும். கடைசி வாரத்துல போயி மொத்தமா எடுத்துட்டு வந்துருவோம்."

பேப்பரிலும் அதையேதான் போட்டிருந்தார்கள்: ஆடி மந்தம், தங்கம் சரிவு, மேலும் குறைய வாய்ப்பு.

பாலிடெக்னிக் முடித்துவிட்டு திண்டுக்கல் கடைவீதியில் ஒரு நகைக்கடையில் கம்ப்யூட்டரில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். காலையில் விலைப்பலகையை மாற்றுவதும் என் வேலை. போனில் விலை வந்ததும் நானும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். வெளிநாட்டில், லண்டன் சந்தையில், ஓர் அவுன்சுக்கு எத்தனை டாலர், ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய், எங்கள் பலகையில் எவ்வளவு. கடைசிக் கட்டத்தில், பேப்பர் சொன்ன காரணம்.

முதல் இரண்டையும் பெருக்கி, அவுன்சை கிராமாக்கி, இருபத்திரண்டு கேரட்டுக்குக் குறைத்து, வரியைச் சேர்த்தால் எங்கள் விலை ஏறத்தாழ வந்துவிடும். ஆடி முதல் வாரத்து இறக்கம் முழுவதும் அவுன்ஸ் கட்டத்திலேயே இருந்தது. எங்கள் ஊர் ஆடிக்காக லண்டனில் விலையைக் குறைக்க மாட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் நோட்டை அப்பா முன்னால் விரித்தேன்.

"ஆடி மாசம் முழுக்க இருக்குப்பா. அதுல மூணு நாள் மட்டும் ஏன் எறங்கணும்? நாலாம் நாள் கொஞ்சம் ஏறுச்சே, அன்னிக்கி ஆடி இல்லையா?"

"அதுக்கும் காரணம் போட்ருந்தானே."

போட்டிருந்தார்கள். கச்சா எண்ணெய் ஏறியதால் தங்கம் ஏறியதாம். அதே வாரம் இன்னொரு நாள், கச்சா எண்ணெய் ஏறியதால் பணம் அந்தப் பக்கம் போய்த் தங்கம் இறங்கியதாம். இரண்டையும் வெட்டி அடுத்தடுத்து ஒட்டி வைத்திருந்தேன். ஏறினாலும் இறங்கினாலும் பொருந்துகிற காரணம் எதையும் சொல்வதில்லை என்றேன். விலையைக் கைவிரலால் மறைத்துக்கொண்டு, காரணத்தை மட்டும் படித்து ஏறியதா இறங்கியதா என்று சொல்லச் சொன்னேன். அப்பா நான்கில் இரண்டு தப்பாகச் சொன்னார்.

"அப்ப எல்லாமே பொய்யா?"

அப்படியும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அமெரிக்காவின் வேலைவாய்ப்புக் கணக்கு வந்தது. கடை டி.வி.யில் அதுவரை அசையாமல் கிடந்த அவுன்ஸ் விலை அடுத்த நிமிடமே துள்ளியது. செய்தி முன்னால், விலை பின்னால், நேரம் ஒட்டி வருகிறது. அதை நம்பலாம். மற்றதெல்லாம் கடை சாத்திய பிறகு, விலையைத் தெரிந்துகொண்டு எழுதியது.

"சரி, நாளைக்கு ஏறுமா எறங்குமா?"

"தெரியாதுப்பா."

"பேப்பர்காரனாச்சும் ஏதோ சொல்றான். நீ அம்புட்டுப் படிச்சிட்டுத் தெரியாதுங்குறே!"

அக்கா அடுப்படியிலிருந்து சிரித்தாள். நாளை என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது. நாள் குறித்த கல்யாணத்துக்கு அதனால்தான் பாதியை இப்போதே எடுத்துவிட வேண்டும், மீதியை வாரம் கொஞ்சமாக எடுக்கலாம் என்றேன். அப்பா பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

ஆடிக் கடைசி வாரம் அவுன்ஸ் ஏறத் தொடங்கியது. டாலரும் கொஞ்சம் ஏறியது. அப்பா, இறங்கும் என்று ஆவணி இரண்டாம் வாரம் வரை காத்திருந்தார். இனித் தாங்காது என்று மூவரும் நான் வேலை பார்க்கும் கடைக்கே போனபோது அவர் பணத்துக்குப் பதினான்கு பவுன்தான் வந்தது.

முதலாளி அப்பாவுக்கு நாற்காலி போட்டார். "முகூர்த்த மாசமுல்ல சார், ஏறத்தான் செய்யும்," என்றார். தினமும் அவுன்ஸ் விலையைக் கேட்டு என்னைப் பலகை மாற்றச் சொல்கிறவர்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? ஆவணி முகூர்த்தம், தங்கம் ஏத்தம்னு இன்னிக்கிப் பேப்பர்லயும் போட்ருக்கான். ஆடில எறங்குச்சு, ஆவணில ஏறிருச்சு. அவன் சொன்னது சரியாத்தான இருக்கு?"

ஆடியில் இன்னும் இறங்கும் என்று சொன்னதும் அதே பேப்பர்தான். அதை அவர் மறந்துவிட்டார். முதலாளி முன்னால் நினைவுபடுத்த எனக்கு வாய் வரவில்லை. அக்கா தட்டில் இருந்த சங்கிலிகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள்.

என் கழுத்தில் ஒரு பவுன் சங்கிலி கிடந்தது, முதல் சம்பளத்திலிருந்து சீட்டுக் கட்டி எடுத்தது. கழற்றி, பழைய நகையாக எடுத்துக்கொள்ளச் சொல்லித் தராசில் வைத்தேன்.

"ஏய், வேணாம்டீ," என்றாள் அக்கா. அப்பா பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

பதினைந்துக்கும் நானே பில் போட்டேன்.