தமிழை நிறுத்தச் சொன்ன ஹெட்மிஸ்ட்ரஸ்

அந்த ஹெட்மிஸ்ட்ரஸை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன்.

பச்சைத் தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த சமயம். சேரம்பாடி பஜாரில் எங்கள் மளிகைக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். என் மகள் இங்கிலீஷ் மீடியத்தில் இரண்டாம் வகுப்பு. கொழுந்தனார் மகளும் அதே வகுப்புதான். ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே நாளில் பள்ளியில் சேர்ந்தவர்கள். அவள் தப்பும் தவறுமாக இங்கிலீஷில் பொரிந்து தள்ளினாள். என் மகளுக்கு ரெண்டு வார்த்தை சேர்ந்து வரவில்லை.

"வீட்டுல தமிழ் பேசுறதாலதான் குழந்தை குழம்புது. இனிமே இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, தானா வந்துடும்" என்றாள் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"ஏனுங்க மிஸ், தமிழே இவளுக்கு மூணு வயசுக்கு மேலதானுங்க வந்துச்சு. பள்ளிக்கூடத்துல நடந்ததைக் கோர்வையாச் சொல்லத் தெரியலீங்க."

"எஸ்டேட் பக்கத்துப் பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான்."

அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்! எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கம், ஈட், ஸ்லீப். வீடு ஊமையாகிப்போனது. மகள் வாயில் தமிழ் வந்தால் தொடையில் கிள்ளினேன். ஒரு வருஷம் கிள்ளினேன்.

இங்கிலீஷும் வரவில்லை. கடையில் வியாபாரமில்லை, பூட்டிவிட்டு மகளைக் காட்டக் குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதலில் காதைச் சோதித்தார்கள், குறையில்லை. பேச்சுப் பயிற்சி தரும் அம்மா தமிழிலேயே படம் காட்டிக் கதை கேட்டார். அர்த்தமில்லாத சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். புதுச் சொற்களைக் கற்றுக்கொடுத்து, அடுத்த வாரம் நினைவிருக்கிறதா என்று பார்த்தார். மூன்று தடவை போய் வந்தோம்.

"இங்கிலீஷ் மட்டும் தடுமாறுனா, புது மொழி, நாளாகும்னு விட்டிருக்கலாங்க. கூடச் சேர்ந்த பிள்ளை தேறிடுச்சு. இவளுக்குத் தமிழ்லயும் அதே தடங்கல். இது மொழி வளர்ச்சிக் குறைபாடுங்க. ரெண்டு மொழி பேசுறதால வர்றதில்ல. பயிற்சி குடுக்கணும், ஊட்டுல தாராளமாத் தமிழ் பேசணும்."

பஸ்ஸில் வரும்போதே பல்லைக் கடித்துக்கொண்டு பழிவாங்கும் வசனத்தை மனப்பாடம் செய்தேன். மறுநாள் பெற்றோர் கூட்டம், மகளையும் கூட்டிப்போனேன். அத்தனை பேர் முன்னால் எழுந்து, குன்னூரில் கொடுத்த ரிப்போர்ட்டை நீட்டினேன்.

"எம்புள்ள ஒரு வருஷம் பேசாம கெடந்தா. அதைத் திருப்பிக் குடுங்க மிஸ்!"

ஹெட்மிஸ்ட்ரஸ் முகம் செத்துப்போனது. என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அவள் சமாளித்துக்கொண்டு, என் மகள் பக்கம் குனிந்தாள்.

"தமிழ்லயே சொல்லும்மா. வீட்டுல அம்மா உன்னோட என்ன பேசுவாங்க?"

மகள் வாயைத் திறந்தாள். என் கையைப் பார்த்தாள். ஸ்கர்ட்டோடு சேர்த்துத் தொடையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

ஹெட்மிஸ்ட்ரஸும் அதைப் பார்த்தாள்.