பூச்சியமாவது நிறம்

கண்ணாடியோடு எனக்குப் பெரிய சிநேகம் இல்லை. சீப்பால் தலை இழுக்க வேண்டும், பொட்டு நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் நின்றால் கண் தானாகக் கீழே இறங்கிவிடும். கீழுதட்டின் ஓரத்தில் தொடங்கி நாடிவரை எனக்கு ஒரு வெள்ளைப் படை இருக்கிறது. ஒருவருக்கும் தொற்றாது, நோவும் இல்லை. ஆனால் ஊரில் அதற்குச் சொல்கிற வெண்குட்டம் என்ற பெயரில், தொழுநோயின் சொல்லான குட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல் போதாதா, ஒரு பெண்பிள்ளையை வீட்டுக்குள்ளே இருத்துவதற்கு?

அது முதலில் தெரிந்தபோது எனக்கு எட்டு வயது. யாழ்ப்பாணத்தில் சண்டையும் பொருளாதாரத் தடையுமாக, மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெயும் பஞ்சும் போட்டுத் திரி எரித்தோம். பால்மா கண்ணிலும் படாது. எங்கிருந்தோ அம்மா தேடி எடுத்த ஒரு பெட்டி அலுமாரிக்குள் பூட்டி இருந்தது. ஒரு இரவு அந்த மங்கல் வெளிச்சத்தில் அம்மா என் வாயைப் பார்த்தார்.

"களவாப் பால்மா திண்டனியோ?"

"இல்லை அம்மா."

"வாயிலை ஒட்டிக்கொண்டிருக்குது, பொய் வேறை சொல்லுறாய்!"

சீலைத் தலைப்பால் துடைத்தார். போகவில்லை. துப்பல் தொட்டுத் துடைத்தார். தோல் எரியும்வரை துடைத்தார். தலையில் ஒரு குட்டும் விழுந்தது. விடிந்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் அது பால்மா இல்லை என்று தெரிந்தது. அன்றைக்கு அம்மா அழுத அழுகையை நினைத்தால் அந்தக் குட்டுப் பரவாயில்லை. அதற்குப் பிறகு கார்போக அரிசி என்கிற மருந்து விதையை அரைத்து எண்ணெயில் குழைத்துப் பூசி, என்னைக் காலை வெயிலில் இருத்துவதே அவருடைய வேலையாகிவிட்டது. அது போகவில்லை. வளர்ந்த பிறகு நான் பவுடரைக் கண்டுபிடித்தேன்.

இனி விளையாட்டின் கதைக்கு வருகிறேன்.

கலியாணக் கார்ட், பிறந்தநாள் பதாகை என்று கணினியில் வடிவமைத்துக்கொடுப்பது என் தொழில். உரும்பிராயில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன், என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், பழைய காலத்துக் கணினி விளையாட்டுகளின் தோற்றத்தில் ஒரு விளையாட்டுச் செய்துகொண்டிருந்தான். படங்கள் கீற என்னைக் கேட்டான். எனக்கு எட்டு வயதாய் இருந்த அந்தக் காலம்தான் கதைக்களம். சைக்கிளில் ஒரு பெட்டை உரும்பிராயிலிருந்து உடுவில் பக்கம் போய் சவுக்காரமும் நெருப்புப்பெட்டியும் தேடுவாள். வழியில் சந்திக்கிறவர்கள் கதைக்கும்போது திரையின் அடியில் ஒரு பெட்டி விரியும். அதற்குள் அவர்களுடைய சிறிய முகமும் பேச்சும் வரும்.

"எல்லாற்றை முகமும் உண்மையான ஆக்களின்ரையா இருக்கோணும் அக்கா. செல்ஃபி எடுத்து அதிலையிருந்து பிக்சல் படமாக்குவம். கடைக்காரி நீங்கள்தான்."

"உனக்கென்ன விசரே?"

"நீங்கள் கதைக்கிறது ஒரேயொரு வசனம். 'என்ன வேணும்?' அவ்வளவுதான்."

மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். கேட்காவிட்டால் இன்னும் மோசம், தெரிந்துகொண்டான் என்று அர்த்தம். ஆகவே தொழில்காரி மாதிரிக் கதைத்தேன். முகங்கள் முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு பிக்சலில் இருந்தால் போதும், எட்டு நிறம் போதும், அதுதான் அசல் பழைய தோற்றம் என்று பெரிய பிரசங்கம் வைத்தேன். உள்ளே இருந்த கணக்கு வேறு. அந்த அளவில் என் படை நாலைந்து சதுரம்தான். சுருக்கும்போது பக்கத்துத் தோலோடு கலந்து காணாமல் போய்விடும்.

அவன் இரண்டு அளவிலும் வேறொருவருடைய முகத்தைச் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். முப்பத்திரண்டில் கண் ஒரு கறுப்புப் புள்ளி, சிரிப்பும் கோபமும் ஒன்றுபோல. அறுபத்துநாலில் படம் போட்டோ மாதிரி ஆகி, பழைய விளையாட்டின் களை போய்விட்டது. நாற்பத்தெட்டில் கண்ணுக்கு வெள்ளையும் கருவிழியும் வைக்க இடம் கிடைத்தது, மூக்குக்கு ஒரு நிழல், வாய்க்கு ஒரு வளைவு.

"நாப்பத்தெட்டு. பலெட்டிலை, அதுதான் நிறத்தட்டிலை, பதினாறு நிறம்" என்றான். "அதிலை முதலாவது, பூச்சியமாவது நிறம், திரையிலை வராது. அது எங்கை இருக்குதோ அங்கை பின்னாலை இருக்கிறது தெரியும். ஆக, கையிலை பதினைஞ்சு."

என் வாதம் தோற்றது. எனக்கு அவன்மேல் கோபம், கோபப்படக் காரணம் இல்லையே என்று என்மேலும் கோபம்.

மற்றவர்களுடைய முகங்களை எல்லாம் கையால் செய்தேன். சுருக்கிய செல்ஃபியை அடியில் வைத்துக்கொண்டு, தோலுக்கு நாலு படி நிறம், தலைமயிருக்கு இரண்டு என்று நானே தெரிவுசெய்து, சதுரம் சதுரமாக வைத்தேன். தனியே சிதறி நிற்கிற பிக்சல்களைத் துடைத்தேன். ஒரு கிழவருடைய மூக்குக்கே அரைநாள் போனது. என்னுடைய செல்ஃபியை மட்டும், வெக்கையில் பவுடர் வழிந்த முகத்தோடு வெளிறிய சுவரில் சாய்ந்து நின்று, ஒரே சொடுக்கில் எடுத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பத்தெட்டாகச் சுருக்கு, பதினாறு நிறமாகக் குறை என்று மென்பொருளிடம் விட்டுவிட்டேன். சுவரின் நிறத்தைப் பூச்சியத்துக்கு மாற்றினேன், கோப்பை அனுப்பினேன். உள்ளபடி சொன்னால், ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தேன்.

மென்பொருளுக்கு வெட்கம் ஏது? கிட்டக் கிட்ட இருக்கிற நிறங்களை ஒன்றாக்குவது அதன் வேலை. வெளிறிய சுவரையும் வெளிறிய படையையும் அது ஒரே நிறமாக்கி ஒரே இடத்தில் வைத்திருந்தது. சுவரைப் பூச்சியத்துக்குத் தள்ளியபோது என் வாயோரமும் அதோடு போய்விட்டது. விளையாட்டில் பேச்சுப் பெட்டியும் அப்போது வெளிர்மஞ்சளாக இருந்ததால் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

விளையாட்டைச் சனத்துக்குக் காட்டுகிற கண்காட்சி யாழ்ப்பாண நகரில் ஒரு மண்டபத்தில், அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகள். முதல் சனிக்கிழமைக்கு முதல்நாள் தம்பி பேச்சுப் பெட்டியைக் கடுநீலமாக்கினான், இரவுக் காட்சிக்குப் பொருத்தம் என்று. படமெறி கருவியில் போட்டுச் சுவர் முழுக்கக் காட்டினார்கள். ஒரு மாணவி விளையாடினாள். கடைக்குள் போனாள். நான் வந்தேன்.

வாயோரமும் நாடியும் இல்லை. அந்த இடத்தில் ஓட்டை. ஓட்டைக்குள்ளே கடுநீலம்.

"ஐயோ, அந்த அன்ரியின்ரை வாய்க்குள்ளாலை வானம் தெரியுது!"

மண்டபமே சிரித்தது. பிறகு யாரோ என்னைத் திரும்பிப் பார்த்தார், இன்னொருவர் பார்த்தார், சிரிப்பு அப்படியே விழுந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்த அமைதிதான் என்னைக் கொன்றது. சுவரில் ஆளுயர முகம், அதில் எது இல்லையோ அதுவே எனக்கு இருக்கிறது என்று எல்லாருக்கும் காட்டிக்கொண்டு. கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, சைக்கிள் விடுகிற இடத்தில் நின்றேன். மானம் போச்சு, கோதாரி விழுந்த மானம்.

ஞாயிறு காலை தம்பி படம் ஒன்று அனுப்பினான். "அக்கா, சரிப்படுத்திப்போட்டன்." ஓட்டையைத் தோல் நிறத்தால் நிரப்பியிருந்தான். படை இல்லை. எட்டு வயதுக்குப் பிறகு முதல் தரம் என்னைப் படை இல்லாமல் பார்த்தேன். நல்ல வடிவு. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேனே, அதற்கும் வெட்கமாய் இருந்தது.

அம்மாவுக்குக் காட்டியிருக்கக் கூடாது. காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்தார்.

"என்ரை பிள்ளை! எவ்வளவு வடிவா இருக்கிறாய் பார். நான் இவ்வளவு காலமாப் பூசி, வெயில்லை இருத்தி மாத்தேலாததை உந்தப் பொடியன் ஒரு நாளிலை மாத்திப்போட்டானே! இதைப் பெரிசாக்கிச் சட்டம் போட்டு மாட்டுவம்."

சட்டம் போடுவாராம். வீட்டில் என்னுடைய ஒரு படமும் சட்டத்துக்குள் இல்லை. ஏன் இல்லை என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அன்றைக்கு இருவருக்கும் விளங்கிவிட்டது. அம்மா தொலைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை தம்பியிடம் போனேன்.

"அந்தப் படத்தை எடுத்துவிடு. நான் புதுசாச் செய்து தாறன்."

"ஏன் அக்கா? இப்ப நல்லாத்தானே…" சொல்லை விழுங்கினான். காதுவரை சிவந்துபோனான். பாவம், அவனையும் வெட்கப்படுத்தியாயிற்று.

செல்ஃபியைத் திறந்து அடியில் வைத்தேன். நாலு நாள் பின்னேரங்களில் என் முகத்தைப் பார்த்தேன். பதினைந்து நிறமும் நிரம்பியிருந்தன. மென்பொருள் கழுத்து நிழலுக்கு ஒன்றுபோல இரண்டு மண்நிறத்தை வைத்து வீணாக்கியிருந்தது. இரண்டையும் ஒன்றாக்கினேன், ஓரிடம் காலியானது. அந்த இடத்தில் படைக்கென்று ஒரு நிறம் வைத்தேன். சுவர் நிறம் இல்லை, பால்மா நிறமும் இல்லை. கிட்டப் பார்த்தால் அது உள்ளங்கையின் நிறம். நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கு அது தெரிந்தது. ஓரத்தைத் தோலோடு கரைக்க இடையில் இன்னொரு நிறம் வேண்டும், அதற்கு இடமில்லை. ஆகவே வெட்டினாற்போலத் தெளிவாக நின்றது. கை கூசியது. வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மா தானும் வருகிறேன் என்று நின்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வடிவான படத்தைச் சுவரளவில் பார்க்கத்தான் அந்த மனுசி சீலையும் மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டார் என்று தெரியும். மாற்றிவிட்டேன் என்று வழி முழுக்கச் சொல்லப் பார்த்தேன், சொல்லவில்லை.

தம்பி அவரைக் கதிரையில் இருத்தி, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டினான். அம்மா அழுத்த அழுத்த, விளையாட்டில் வருகிற பெட்டை சைக்கிளில் தட்டுத்தடுமாறி ஒருவாறு கடைக்குள் போனாள். கடுநீலப் பெட்டி விரிந்தது. அதற்குள் நான், வாயோரத்தில் அந்த வெள்ளையோடு. சுவர் முழுக்க.

அம்மா எழுந்தார். சுவருக்குக் கிட்டப் போனார். கை சீலைத் தலைப்பைப் பிடித்தது. எட்டு வயதில் எரிந்த இடம் திரும்ப எரிந்தது. எத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், கடவுளே, துடைக்கப்போகிறார்.

என் நாடிக்குக் கிட்டப் போன கை நின்றது. தலைப்பை விட்டார். படத்துக்குக் கீழே இருந்த என் ஒரேயொரு வசனத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"என்ன வேணும்?"

நிமிர்ந்து, சுவரில் இருந்த என் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்டும் வேண்டாம், பிள்ளை" என்றார்.