பத்தும் பத்தும் இருபது

தெரிந்தே பொய்க் கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன். அதுவும் என் சொந்தப் பேத்திக்கு! சந்தை நடுவில், நாலு பேர் பார்க்க, ஒரு மனிதனைத் திருடனாக்குவதற்காக...

எனக்குக் கணக்கு வராது என்று நினைத்துவிடாதீர்கள். மலேசியாவில், சுவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவள்தான் நான். ஆனால் விழுக்காடு என்ற ஒன்றை என்னைப்போல் வயிறெரிந்து கற்றவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

அந்தக் காலத்தில் பாலின் எடைக்குச் சம்பளம் இல்லை. பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்த்து, அதற்குத்தான் சம்பளம். என் அம்மா அஞ்சலை நாற்பது ராத்தல் பால் கொண்டுபோவாள். முப்பத்தைந்து விழுக்காடு என்றால் பதினான்கு ராத்தல் ரப்பர். தோட்டத்துக் கணக்கைப் பார்க்கும் கிராணி பேரேட்டில் எழுதியதோ இருபத்தெட்டு. அப்படியானால் பதினொன்றே கால் ராத்தல்கூட வராது! மிச்சத்தைத் தன் ஆட்களின் பெயரில் ஏற்றிக்கொண்டான். சோதனை அறையில் வேலை செய்தவர் உண்மையைச் சொன்னபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

அம்மா கேட்கப் போனாள். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆட்கள் வரிசையாக நிற்கும்போது, கிராணி அவளை முன்னால் கூப்பிட்டான்.

"ஏழே ஏழு விழுக்காடு கொறயுது, அதுக்கு இந்தக் கத்து கத்துறியா? பால்ல தண்ணி கலந்தா கொறயாம என்ன செய்யும்?"

ஏழா? பதினான்கில் இரண்டே முக்காலுக்கும் மேல் போய்விட்டது. அவள் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு. இருபது விழுக்காடு! எதில் ஏழு, எதில் இருபது என்று அன்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் தலைகுனிந்து நின்றாள். அன்றிலிருந்து சாகும்வரை அவளுக்குத் 'தண்ணி அஞ்சலை' என்றுதான் பெயர்.

அந்தக் கிராணி எப்போதோ செத்துப்போனான். அவன் மகன் குணா மந்தின் சந்தையில் காய்கறி விற்கிறான் என்பது லோபாக்கில் மகள் வீட்டோடு வந்து தங்கிய பிறகு தெரிந்தது. அப்பனின் அதே மூக்கு, அதே நெற்றி. நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிப் போய் அவனிடமே காய் வாங்கினேன். ஏன் என்று கேட்கிறீர்களா? ஒரு பிடி கிடைக்காதா என்றுதான்!

கிடைக்கவே இல்லை. தராசு சரியாக நின்றது. கறிவேப்பிலையைக் கேட்காமலே போட்டான். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

பேத்தி தர்ஷினிக்குப் பத்து வயது. பள்ளியில் விழுக்காடு தொடங்கியிருந்தார்கள், அவளுக்குப் புரியவில்லை. சந்தைக்குக் கூட்டிப்போனேன். நல்ல விதமாகத்தான் சொல்லிக் கொடுத்தேன், அதையும் நம்புங்கள்.

"கத்தரிக்கா கிலோ ஆறு வெள்ளி. பதினஞ்சு விழுக்காடு கொறக்கச் சொல்லப்போறேன். எவ்வளவு கொறயும்?"

அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"மொதல்ல பத்து விழுக்காடு பாரு. பத்துல ஒரு பங்கு. ஆறு வெள்ளிக்கு?"

"அறுபது காசு."

"அஞ்சு விழுக்காடு அதுல பாதி."

"முப்பது காசு... ரெண்டையும் கூட்டினா தொண்ணூறு! அஞ்சு வெள்ளி பத்துக் காசு கொடுத்தாப் போதும் பாட்டி!"

குணா சிரித்துக்கொண்டே, "பாப்பாவுக்காகக் கொடுத்துடறேன்லா," என்றான். குழந்தையின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு! அந்தப் பூரிப்பைத்தான் நான் ஆயுதமாக்கினேன்.

குணா ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தான். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பத்து விழுக்காடு கழிவு, காலை பதினொரு மணிக்கு மேல் வந்தால் மேலும் பத்து. பல நாள் பார்த்த அட்டைதான். ஒருநாள் அதைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். எனக்குப் பிடி கிடைத்துவிட்டது.

அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே பதினொன்றுக்குப் பிறகு பேத்தியோடு போனேன். கூட்டம் அதிகம். ஐம்பத்திரண்டு வெள்ளிக்குக் காய் எடுத்து, பேரம் பேசி ஐம்பதாக்கினேன். குழந்தைக்குக் கணக்கு சுலபமாக இருக்கவேண்டும் அல்லவா!

அவன் கால்குலேட்டரைத் தட்டினான். "ரெண்டு கழிவும் போக நாப்பது வெள்ளி அம்பது காசுக்கா."

சரியான கணக்கு அது. ஐம்பதில் முதல் பத்து விழுக்காடு ஐந்து வெள்ளி, மிச்சம் நாற்பத்தைந்து. இரண்டாவது பத்து அந்த நாற்பத்தைந்துக்குத்தான், ஐம்பதுக்கு அல்ல. அது நாலரை வெள்ளி. ஆக நாற்பதரை. இரண்டு கழிவும் சேர்ந்து பத்தொன்பது விழுக்காடுதான் வரும், இருபது வராது. எனக்குத் தெரியும்! பச்சையாகத் தெரியும்!

பேத்தியிடம் திரும்பினேன். எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

"பத்தும் பத்தும் எவ்வளவும்மா?"

"இருபது."

"அம்பதுல இருபது விழுக்காடு?"

"பத்து வெள்ளி."

"அப்ப எவ்வளவு கொடுக்கணும்?"

"நாப்பது..." அவள் கண் அகன்றது. "அங்கிள் அம்பது காசு கூட எடுக்கிறாரு பாட்டி!"

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். குணாவுக்கு வியர்த்துவிட்டது.

"இல்லக்கா, கால்குலேட்டர்ல அப்படித்தான் வருது..."

"பத்து வயசுப் புள்ளைக்குத் தெரியுது, உனக்குத் தெரியலயா? ஒரு ஆளுகிட்ட அம்பது காசுன்னா, இத்தன வருஷத்துல எத்தன பேருகிட்ட எடுத்திருப்ப?"

மறுபடியும் தட்டினான். மறுபடியும் நாற்பதரை. ஏன் என்று விளக்கத் தெரியவில்லை அவனுக்கு. என் அம்மா நின்றாளே, அதே நிற்பு! ஒரு கிழவி பையைக் கீழே வைத்துவிட்டு, "எங்கிட்டயும் இப்படித்தான் எடுத்தியா?" என்றாள். யாரோ கைப்பேசியில் படம் பிடித்தார்கள்.

எனக்கு இனித்தது. மறைக்கமாட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இனித்தது.

படம் ஊரெல்லாம் சுற்றியது. ஆறு வாரத்தில் அவன் கடை காலியானது. எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. போகட்டும் என்றுதான் இருந்தேன்...

பிறகு ஒருநாள் தர்ஷினி கணக்கு நோட்டோடு ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பாட்டி, ரெண்டாவது பத்து விழுக்காட்ட மிச்சத்துலதான் எடுக்கணுமாம். டீச்சர் சொன்னாங்க. அப்ப அங்கிள் சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு!"

"விடும்மா. எனக்கும் தெரியாமப் போச்சு."

கேட்டீர்களா? எனக்கும் தெரியாதாம்! வாயைத் திறந்து, "உன் தப்பில்லை, நான்தான் செய்தேன்" என்று சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை. அவள் கண்ணில் நான் சிறுத்துப்போவேனே என்ற பயம். கிராணிகூட அடுத்தவன் பிள்ளையின் தலையில்தான் பழியைப் போட்டான். நான்?

தன் உண்டியலிலிருந்து ஐம்பது காசை எடுத்து வைத்துக்கொண்டு, அங்கிளைப் பார்க்கவேண்டும் என்று அழுதாள். கூட்டிப்போனேன். அந்த இடத்தில் யாரோ துணி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின் அவள் என்னோடு சந்தைக்கு வருவதில்லை. கூட்டல் கணக்கைக்கூட மூன்று முறை போட்டுப் பார்க்கிறாள். பரீட்சையில் நேரம் போதவில்லை என்று பள்ளியில் சொல்கிறார்கள். ஏன் இப்படி ஆகிவிட்டாள் என்று மகள் என்னிடம்தான் கேட்கிறாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவுக்குப் பிறகும், குணா வியர்த்து நின்றதை நினைத்தால் உள்ளே எங்கோ இன்னும் இனிக்கத்தான் செய்கிறது. அது அடங்கினால்தானே வருத்தம் என்று ஒன்று ஒழுங்காக வரும்?

வெள்ளிக்கிழமை தோறும் தர்ஷினி சாமி விளக்கின் முன் நின்று, அங்கிளுக்கு வேறு கடை கிடைக்கவேண்டும், தான் செய்த பாவத்தை மன்னிக்கவேண்டும் என்று வாய்விட்டு வேண்டிக்கொள்கிறாள். நான் பக்கத்தில் நின்று சூடம் கொளுத்துகிறேன். அவள் வேண்டி முடிக்கும்வரை கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.