துரையின் எழுத்தும் லண்டன் பதிவும்

நான் வரைந்த படங்களை நான்தான் வரைந்தேனா என்று லண்டனிலிருந்து கேட்டு எழுதியிருந்தார்கள். சாதாரணமாக எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று வரவில்லை. அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இவர்களுக்கு ஏன் இப்படி ஒரு சந்தேகம் வந்தது என்ற குறுகுறுப்புதான் முதலில் வந்தது.

இரண்டாவது உலகச் சண்டை முடிந்து கப்பல்கள் மறுபடியும் ஓட ஆரம்பித்திருந்த சமயம். குன்னூரில் ஒரு வெள்ளைக்கார ஆர்க்கிடெக்ட் துரையின் ஆபீசில் எனக்கு வேலை. எஸ்டேட் பங்களா, தேயிலை ஃபாக்டரி, கூலிகள் குடியிருக்கும் லயன், அவ்வப்போது ஒரு கிளப் என்று மலை முழுக்கக் கட்டடங்கள் எங்கள் மேஜையிலிருந்துதான் போகும். நான் படித்தது மெட்ராஸில். அந்தப் படிப்பு இங்கே செல்லும், இங்கிலாந்தில் செல்லாது. அங்கே சட்டமே போட்டுவிட்டார்கள். பதிவேட்டில் பெயர் இல்லாதவன் ஆர்க்கிடெக்ட் என்று வாசலில் போர்டு மாட்டக்கூடாது.

பெயர் ஏற வேண்டுமானால் லண்டனில் உள்ள ஆர்க்கிடெக்டுகள் சங்கத்தின் பரீட்சையில் தேற வேண்டும். அந்தப் பரீட்சையைப் பம்பாயிலேயே எழுதலாம். ஆனால் நேராகப் போய் உட்கார்ந்துவிட முடியாது. சங்கம் கொடுக்கும் தலைப்புகளில் கட்டடங்களை வடிவமைத்து, பெரிய தாள்களில் வரைந்து, கப்பலில் அனுப்ப வேண்டும். பிறர் கை படாமல் இவனே வரைந்தது என்று மேலே இருக்கும் ஆர்க்கிடெக்ட் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் பரீட்சை. பரீட்சையில் தேறினாலும், ஒரு ஆர்க்கிடெக்டின் கண்பார்வையில் ஆபீசில் வேலை செய்த காலத்துக்கு அவரே சான்று தர வேண்டும்.

துரை இந்த விஷயத்தில் படு கறார். "பார்க்காததற்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்பார். அதனால் சனிக்கிழமைதோறும் நான் ஒரு தாள் எழுதி நீட்டுவேன். பக்கத்துக் கேத்தியில் அஸ்திவாரம் பார்க்கப் போனது எத்தனை மணி நேரம், கொத்துக்காரரோடு பேசியது, ஃபாக்டரி மாடியின் உத்தரத்துக்குக் கணக்குப் போட்டது, எல்லாம் அதில் இருக்கும். அவர் ஒவ்வொரு வரியையும் கைத்தடியால் தட்டிக் கேள்வி கேட்டுவிட்டு, கீழே ஒரே இழுப்பில் கையெழுத்தை இழுப்பார்.

என் அவசரத்துக்குக் காரணம் உண்டு. துரை ஆபீசை விற்றுவிட்டு இங்கிலாந்துக்கே திரும்பிப் போகப்போகிறார். கப்பலில் இடம் கிடைக்கத்தான் காத்திருந்தார். லண்டனில் அவருடைய சிநேகிதரின் ஆபீசில் எனக்கு ஒரு நாற்காலி தயார், பதிவு இருந்தால். அவர் கப்பல் ஏறிவிட்டால் எனக்குச் சான்று சொல்ல மலையில் வேறு ஆள் கிடையாது. ஆயுசு முழுக்க யாருடைய படத்தையாவது நகலெடுத்துக்கொண்டே கிடக்க வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் சங்கத்துக்கு அனுப்பியிருந்த படங்கள் திரும்பி வந்தன. வடிவமைப்பில் குறை இல்லையாம். ஆனால் படங்களில் உள்ள எழுத்து, சான்றளித்தவரின் எழுத்தாகவே தெரிகிறதாம். பரிசோதித்தவர்களில் ஒருவருக்குத் துரையின் பழைய படங்கள் நல்ல பழக்கமாம். விளக்கம் வேண்டும்.

அட ராமா! எங்கள் ஆபீஸ் வழக்கமே அதுதானே! யார் வரைந்தாலும் எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், அது துரையின் எழுத்தாக இருக்க வேண்டும். சேர்ந்த புதிதில் நான் படமே போடவில்லை. அவருடைய பழைய தாள்களைப் பார்த்து ஏ, பி, சி என்று எழுதிப் பழகினதுதான் வேலை. 'ஆர்' எழுத்தின் காலை ஒரு பொட்டு நீட்டுவார், நானும் நீட்டினேன். பரீட்சைப் படத்திலும் அதே காலை நீட்டக்கூடாது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னைப் பொய்யன் என்கிறார்களா? உன் சொந்த எழுத்தில் மறுபடி எழுது" என்று தாள்களை என் பக்கம் தள்ளினார்.

எழுதலாம். என் சொந்த எழுத்து எது? வீட்டில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாய்த்து எழுதினேன், குட்டையாக எழுதினேன். இரண்டு வரி போவதற்குள் 'ஆர்' காலை நீட்டிக்கொண்டு வந்து நிற்கும். கிழித்துப் போட்ட காகிதத்தை என் மனைவி பொறுக்கினாள்.

"ஏனுங்க, இதெல்லாம் ஒரே மாதிரித்தானுங்க இருக்குது. எதுக்குங்க கிழிச்சுப் போடறீங்க?"

"அதுதாண்டி வினையே! இது துரை எழுத்து."

"துரை எழுத்துங்களா? அவரு எழுதி நான் பார்த்ததே இல்லீங்களே. தீபாவளிக்கு நமக்குப் பழக்கூடை அனுப்பினாரே, அதுல இருந்த சீட்டுக்கூட நீங்கதானுங்களே எழுதிக் குடுத்தீங்க?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆமாம். துரை எழுதி நான் கடைசியாக எப்போது பார்த்தேன்? படங்களில் எழுதுவது நான். கடிதம் என்றால் அவர் சொல்லச் சொல்ல டைப் அடிப்பதும் நான். அவர் பேனாவைத் தொடுவது அந்த ஒரே இழுப்புக் கையெழுத்துக்கு மட்டும்தான். தடியால் ஏன் தட்டுகிறார், பென்சிலால் ஏன் திருத்துவதில்லை என்று எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிற நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் ஆபீசில் நேராகவே கேட்டேன். "நான் எழுத்தை மாற்றினாலும் அவர்கள் நம்புவார்களா என்று தெரியவில்லை. நீங்களே உங்கள் கையால் நாலு வரி எழுதினால்?"

அவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வெளியே மூடுபனி தவிர ஒன்றுமில்லை. வாயைக் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேனாவை எடுத்தார். இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்படியும் பேனா நடுங்கியது. கோடுகள் நெளிந்து, எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறின. 'ஆர்' காலை நீட்டப் பார்த்து, முடியாமல் மசித் திட்டாக நின்றது.

சில வருஷங்களாகவே தன் கை இப்படித்தான் இருக்கிறது, தன்னால் ஒரு நேர்கோடு போட முடியாது, அந்தப் படங்களில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் என்னுடையது, இந்தப் பக்கமே அதற்குச் சாட்சி என்று எழுதியிருந்தார். தன் இளவயதுக் கைத்திறமையை அறிந்தவர்களுக்கே அதை அவர் எழுதினார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. என்ன செய்வதென்று தெரியாமல் பழக்கதோஷத்தில், "கொடுங்கள், சுத்தமாக நகலெடுத்துவிடுகிறேன்" என்று கையை நீட்டினேன்.

"முட்டாள்! நீ நகலெடுத்தால் அவர்கள் மறுபடியும் நான்தான் எழுதினேன் என்பார்கள்" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தக் கடிதம் படங்களோடு கப்பல் ஏறியது. படங்களை ஒப்புக்கொண்டார்கள். பம்பாயில் கண்காணிப்பவர்கள் முன்னால் உட்கார்ந்து அதே எழுத்தில், 'ஆர்' காலை நீட்டியே பரீட்சை எழுதினேன். தேறினேன். சனிக்கிழமைத் தாள்களை எல்லாம் முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு துரை எனக்கு வேலைச் சான்று கொடுத்தார். அவருக்குக் கப்பலில் இடம் கிடைப்பதற்குள் என் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது.

புறப்படுகிற வாரம் அவருடைய பெட்டிகளில் விலாசம் எழுதக் கூப்பிட்டார். வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயரை எழுதினேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"நல்ல எழுத்து. யாரிடம் கற்றுக்கொண்டாய்?"

"உங்களிடம்தான்."

"என் எழுத்து இவ்வளவு நன்றாக ஒருநாளும் இருந்ததில்லை" என்றார் துரை. அடுத்த பெட்டியைத் தடியால் என் பக்கம் நகர்த்தினார்.