நிலா ராஜ்யத்து வசவு

புளி உடைத்த கை நாள் முழுக்கப் பிசுபிசுக்கும். அந்தக் கையால் புத்தகத்தைத் தொடக்கூடாதென்று, பாப்பாரப்பட்டிப் பக்கத்து எங்கள் ஊரில் மணியக்காரர் தோப்பில் புளிங்கொட்டை எடுத்த பெண்கள், என்னை மட்டும் வேலைக்கு விடாமல் கதை வாசிக்க வைத்தார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பேசக் கூசுவேன், எழுத்தைப் பார்த்தால்தான் குரல் வரும்.

காரிமங்கலம் சந்தையில் மாமா வாங்கிவந்த கதை அது. நிலாவுக்கு யந்திரத்தில் பறந்து போகிறார்கள். அங்கே ராஜாவின் தளபதியை ஒருவன் 'டொர்ப்பன்' என்று திட்டுகிறான். அதற்கு அர்த்தம் கதையில் கடைசிவரை கிடையாது. ஆனால் அந்தச் சொல் வந்தால் நிலாவிலுள்ள தாய் பிள்ளையின் காதைப் பொத்துவாள், தளபதி வாளை உருவுவான். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் எங்கள் பெண்களும் முந்தானையால் வாயை மூடத் தொடங்கிவிட்டார்கள். "அத மெதுவாப் படி கண்ணு, புள்ளைங்க இருக்குது" என்பாள் பக்கத்து வூட்டு மாதம்மாள்.

மணியக்காரரும் கட்டிலில் சாய்ந்து கதை கேட்பார். தளபதிக்கு வசவு விழும்போதெல்லாம் தொடையைத் தட்டிச் சிரிப்பார். அதே வாயால், அந்தப் பெண்களோடு கொட்டை எடுத்த என் ஆத்தாவைப் பிறப்பையும் நடத்தையையும் இழுத்துத் தினமும் திட்டுவார். அவை நிஜமான வார்த்தைகள், அர்த்தமுள்ளவை. கேட்டுக் கேட்டு மரத்துப்போனதால் ஒருவரும் காதைப் பொத்தவில்லை.

ஒருநாள் அவர் ஆத்தாவைத் திட்டி முடித்ததும், "போடா டொர்ப்பா" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. பெண்களின் கைகள் அப்படியே நின்றன. அந்த முகங்களைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் கறுத்தது.

மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து. "என்ன சொல்லுச்சிங்க பொண்ணு?" என்றார் ஒரு பெரியவர்.

"சாமி முன்னாடி அத எப்படிங்க சொல்றது?" என்றார் மணியக்காரர்.

"அர்த்தம் என்னான்னு சொல்லுங்க, கால்ல விழறோம்" என்றாள் ஆத்தா. மீசை வைத்த ஏழு பேர் தரையைப் பார்த்தார்கள்.

"அர்த்தம் எதுக்கு? மூஞ்சியில காறித் துப்புன மாதிரி இருந்திச்சி!" என்றார் மணியக்காரர். அவர் வாழ்நாளில் பேசிய ஒரே உண்மை அதுதான். 'ட'வில் நாக்கு இடிக்கிறது, 'ப்ப'வில் உதடு அறைகிறது. 'போடா'வுக்குப் பின்னால் எதை வைத்தாலும் வசவுதான். காதைப் பொத்துவதை நிலாக்காரர்கள் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அந்தச் சொல்லோ உள்ளே வெறும் பானை. அதில் தன்னைப்பற்றித் தானே பயந்ததையெல்லாம் அவரே போட்டு நிரப்பிக்கொண்டார்.

"பொட்டப்புள்ளைக்கு எழுத்துக் காட்டுனா இதான்" என்று தீர்ப்பானது. புத்தகம் அடுப்புக்குப் போனது, என் பள்ளிக்கூடம் நின்றது. ஆத்தாவுக்கு விழுந்த திட்டு மட்டும் நிற்கவில்லை.

இன்று அந்தத் தோப்பு இல்லை, ஏழு மீசைகளும் இல்லை. வேற்றுலகக் கதைகளை எனக்கு வாசித்துக் காட்டும் பேத்தி ஓரிடத்தில் தயங்குகிறாள்: "இது அவங்க ஊர் கெட்ட வார்த்தை, உட்டுடறேன் ஆயா." அர்த்தம் கேட்டால் தெரியாது என்கிறாள்.

ஆறாம் வகுப்பில் என்ன சொல்லித்தருவார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டொர்ப்பன் என்றால் என்னவென்று மட்டும் நன்றாகத் தெரியும்.