டீக்கும் முன்னால்

கள்ளக்குறிச்சி கிளினிக்கில் தைராய்டு டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லக் கடிதம் தட்டுவதும், அதையே நோயாளிக்குத் தமிழில் அரைப்பக்கமாக எழுதித் தருவதும் என் வேலை. கல்வராயன் மலையிலிருந்து வந்த ஓர் அக்காவுக்கு எழுதினேன்: "உங்கள் தைராய்டு சுரப்பி மந்தமாக வேலை செய்கிறது. அசதி அதனால்தான். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஆறு வாரம் கழித்து மறுபடியும் ரத்தப் பரிசோதனை."

அக்கா படித்துவிட்டுத் தலையாட்டினார். "சரிங்க. டீ குடிச்சிட்டு வெறும் வயித்துல போட்டுக்கிறேன்."

"டீ குடிச்சா எப்படிக்கா வெறும் வயிறு?"

"டீ இன்னா சோறாங்க?"

சிரித்துக்கொண்டே, "டீக்கும் அரை மணி நேரம் முன்னால்" என்று சேர்த்து, டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். எனக்கும் அதே மாத்திரைதான். அன்று காலை அதை டீ ஊற்றித்தான் விழுங்கியிருந்தேன்.